இணைப்பின் மூன்றாம் பக்கம்

இதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத்தாளர் அல்லேன். ஓர் உயிரியல் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாக மேலாளராகப் பணியாற்றுகிறேன். குளிர்பெட்டிகளின் மீது சீட்டு ஒட்டுவதும் கருவிகளுக்கு நேரம் ஒதுக்குவதும் என் அன்றாட வேலைகள். இதுவரை நான் எழுதியவற்றில் நீளமானது, கைகழுவும் தொட்டியில் ரசாயனம் கொட்டக் கூடாது என்ற அறிவிப்பு. அதையும் யாரும் முழுதாகப் படித்ததில்லை. எனினும், ஒரு மின்னஞ்சலை நான் படித்த விதத்தால் நேர்ந்ததை, அதை அறிந்த ஒருத்தி என்ற முறையில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றிற்று.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முதுமுனைவர் ஆய்வாளர் பணியிடம் அறிவிக்கப்பட்டது. முனைவர் பட்டம் முடித்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கி ஆய்வு செய்யும் இடம் அது. நாங்கள் 'போஸ்ட்டாக்' என்றுதான் சொல்வோம். அறுபத்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஆய்வகத் தலைவரை நாங்கள் எல்லோரும் 'சார்' என்றே அழைப்போம். அவருக்கு அத்தனையையும் படிக்க நேரமில்லை. ஆகவே முதல் வடிகட்டல் என் பொறுப்பு. நான் தேர்ந்து தரும் எட்டுப் பேரை மட்டுமே சார் பார்ப்பார். ஒருவர் அந்த எட்டில் இல்லையென்றால், அவர் எங்களைப் பொறுத்தவரை விண்ணப்பிக்கவே இல்லை.

எங்களுக்கென்று ஒரு விதி உண்டு: முதல் வடிகட்டலில் மின்னஞ்சலை மட்டும் படிக்க வேண்டும், இணைப்பைத் திறக்கக் கூடாது. மூன்றாண்டுகளுக்கு முன் முன்பின் தெரியாத ஒருவரின் தன்விவரக் கோப்பைத் திறந்து இரண்டு கணினிகளை இழந்தோம். அன்று முதல் அது வேதவாக்கு. சாரும் அடிக்கடி சொல்வார்: "ஒரு பக்கத்துல தன்னைப் பத்திச் சொல்லத் தெரியாதவன், முப்பது பக்கத்துல மட்டும் என்ன சொல்லிடப் போறான்?"

பெரும்பாலான மின்னஞ்சல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. "தங்கள் உலகப்புகழ் பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கி, எந்த ஆய்வகம் என்பதை இறுதிவரை சொல்லாதவை. ஒருவர் எங்கள் சாருக்குப் பதிலாக வேறொரு பேராசிரியரின் பெயரை விளித்திருந்தார். முந்தைய கடிதத்தை நகலெடுத்தவர் பெயரை மாற்ற மறந்துவிட்டார். அதைப் படித்து நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாற்பத்தோராவது மின்னஞ்சல் அப்படி இல்லை. எழுதியவர் ஒரு பெண். பொருள் வரியில் பணியிடத்தின் பெயரும், 'உறங்கும் பாக்டீரியா' என்ற எங்கள் ஆய்வுத் துறையும் இருந்தன. முதல் பத்தியில் யார், எங்கே முனைவர் பட்டம் பெற்றார், இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பவை மூன்றே வாக்கியங்களில் அடங்கிவிட்டன. இரண்டாம் பத்தியில் நான்கு ஆய்வுக் கட்டுரைகள். ஒவ்வொன்றிலும் என்ன கண்டார்கள், அதில் தன் கை எது என்று தனித்தனியாகச் சொல்லியிருந்தார். "இரண்டில் நான் முதல் ஆசிரியர். மூன்றாவதில் முதலிடத்தை இன்னொருவருடன் சமமாகப் பகிர்ந்தேன்; சோதனைகள் அவருடையவை, கணக்கீடு என்னுடையது. நான்காவது இன்னும் மதிப்பீட்டில் உள்ளது, ஆகவே அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். தன் கட்டுரையைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் விண்ணப்பத்தை நான் அதுவரை கண்டதில்லை.

மூன்றாம் பத்தி, எங்கள் ஆய்வகத்துக்குத் தாம் எவ்வகையில் பொருந்துவார் என்பது. அதை மூன்று முறை படித்தேன்.

"பட்டினியில் உறங்கிய பாக்டீரியா மீண்டும் உணவு கண்டு விழிக்கும்போது, முதல் மூன்று நிமிடங்களிலேயே இருநூற்றுப் பதினான்காம் மரபணு இயங்கத் தொடங்குவதாகத் தெரிகிறது. அதை மட்டும் முடக்கிவிட்டால் விழிப்பு நிகழுமா என்று பார்க்க விரும்புகிறேன். இதற்கான ஆதாரமும் கணக்கீடும் இணைப்பின் மூன்றாம் பக்கத்தில் உள்ளன."

அந்த மரபணு எங்கள் ரகசியம். இரண்டு ஆண்டு உழைப்பில் கண்டது. எங்கும் வெளியிடவில்லை, எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. ஆய்வகத்துக்குள்ளேயே எண்ணைச் சொல்லாமல் 'அலாரம்' என்றுதான் குறிப்பிடுவோம். அந்த எண்ணை முன்பின் தெரியாத ஒருவர், மூன்று நிமிடக் கணக்கு உட்பட, ஒரு விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார்.

நான் விதியை மீறவில்லை, இணைப்பைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய கட்டுரைகளைத் துருவினேன். வெளிவந்த மூன்றும் உண்மை. பகிர்ந்த முதலிடத்துக்கு நட்சத்திரக் குறி இருந்தது. முனைவர் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. ஒரு பொய்யாவது அகப்பட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். எல்லாம் சரியாக இருந்ததே என் சந்தேகத்தை வளர்த்தது. இவ்வளவு ஒழுங்காக எழுதுபவர் எதையோ மூடத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

சாரின் அறைக்குச் சென்று மின்னஞ்சலைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இது எப்படி வெளிய போச்சு?"

"தெரியல சார்."

"நிதி கேட்டு நாம அனுப்பின திட்டத்துல இந்த எண் இருந்ததா?"

"இல்ல சார். ஒரு குறிப்பிட்ட மரபணுன்னு மட்டும்தான் எழுதினோம். நான்தான் தட்டச்சு செஞ்சேன்."

"அப்போ உள்ளேருந்துதான் போயிருக்கு." கதவைச் சாத்தச் சொன்னார். "இந்தம்மாவை நம்மாள் யாருக்காவது பழக்கம் உண்டா?"

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமலிருப்பது மரியாதை அல்ல என்று வளர்க்கப்பட்டவள் நான். "போன மாநாட்டுல இந்தம்மா தன் ஆய்வை விளக்கி ஒட்டியிருந்த போஸ்டர் முன்னாடி நம்ம ஐஸ் ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தார் சார். ஒரு மணி நேரம் இருக்கும்" என்றேன்.

ஐஸ் என்பவர் எங்கள் முனைவர் பட்ட மாணவர், இறுதி ஆண்டு. எந்நேரமும் குளிர்பெட்டியின் முன் நிற்பதால் அந்தப் பெயர். அலாரத்தை முதலில் கண்டவர் அவரே. அவருடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அதுதான். என்னை 'அக்கா' என்பார்.

சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "இந்த மெயிலுக்குப் பதில் போடாதீங்க. எட்டுல சேர்க்காதீங்க. அப்புறம், ஐஸை அந்த அலாரம் ஃபோல்டர்லேருந்து எடுத்துடுங்க. கேட்டா, எல்லாருக்கும் மாத்துறோம்னு சொல்லுங்க."

நான் அப்படியே செய்தேன்.

மறுநாள் காலை நுண்ணோக்கி அறையில் ஐஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, என் ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது. நான் என்ன வேலையை விட்டுப் போயிட்டேனா? எனக்கே சொல்லாம அனுப்பிட்டீங்களா?"

"எல்லாருக்கும் மாத்துறோம்பா."

"பக்கத்து சீட்டுக்காரருக்குத் திறக்குதே?"

"படிப்படியா மாத்துறோம்."

"படி என்கிட்டேருந்து ஆரம்பிக்குதா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

அதன் பிறகு அவர் செய்வதெல்லாம் எனக்குத் தடயமாகத் தெரிந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார், எதை மறைக்கிறார்? மாடிப்படியில் நின்று பேசினார், யாரிடம்? சாயங்காலம் சீக்கிரம் கிளம்பினார், எங்கே? இத்தனைக்கும் அவர் எப்போதுமே கைப்பேசியைக் கவிழ்த்துத்தான் வைப்பார், உடைந்த கண்ணாடி தெரியக் கூடாது என்று. ஒரு நாள் தேநீர் இயந்திரத்தின் அருகே, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"அந்த மாநாட்டுல ஒரு போஸ்டர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னீங்களே, யாரோடது?"

"ஓ, அந்தக் கணக்கீட்டுப் பொண்ணா? நல்லா விளக்கினாங்க அக்கா. அதைவிட, அந்த மூலையிலதான் ஏசி நல்லா வந்துச்சு."

"நம்ம வேலையைப் பத்தி ஏதாவது பேசினீங்களா?"

அவர் காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன கேக்கறீங்க அக்கா?"

"சும்மாத்தான்."

"நீங்க எதையும் சும்மா கேக்கற ஆள் இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுக்காமலே போனார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல ஆராய்ச்சி நடக்குதா, இல்ல துப்பறியும் வேலை நடக்குதா?"

"விளையாடாதீங்க. பெரிய விஷயம்."

"சரி, அந்தப் பொண்ணு ஆதாரம் மூணாவது பக்கத்துல இருக்குன்னு எழுதியிருக்குன்னியே. அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?"

"இணைப்பைத் திறக்கக் கூடாது. விதி."

கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருடன் தன் வீட்டு அட்ரஸை எழுதிக் கொடுத்திருக்கான். நீங்க கதவைத் தட்ட மாட்டோம்னு வெளிய நின்னு பேசிட்டிருக்கீங்க. நல்ல விஞ்ஞானிங்க போ."

எனக்குக் கோபம் வந்தது. மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. நான்கே வரிகள். "தங்களுக்கு நினைவூட்டித் தொல்லை செய்வதற்கு மன்னிக்கவும். வேறோர் ஆய்வகம் எனக்கு இடம் தந்துள்ளது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனினும் என் முதல் விருப்பம் தங்கள் ஆய்வகமே. நேர்காணலுக்கு வாய்ப்பில்லை என்றாலும் ஒரு வரி தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்." அந்த ஆய்வகத்தின் பெயரையும் எழுதியிருந்தார், இங்கே நான் தவிர்த்திருக்கிறேன்; இதே பாக்டீரியாவில் எங்களோடு போட்டியிடுவது அது.

சார் அன்று விடியற்காலையில்தான் ஒரு மதிப்பீட்டுக் குழுவுக்காக வெளிநாடு சென்றிருந்தார். சனிக்கிழமை திரும்புவார்.

செவ்வாய்க்கிழமை, வலையமைப்பு இல்லாத பழைய மடிக்கணினி ஒன்றில் இணைப்பைத் திறந்தேன். விதிக்கு விலக்கு அல்ல, விசாரணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அதன் கீழே: "தங்கள் ஆய்வகம் பொதுத் தரவுக் காப்பகத்தில் வெளியிட்டுள்ள தொகுப்பை நான் மீண்டும் கணக்கிட்டதில் கிடைத்தது." அடுத்து, காப்பகத்தின் பதிவு எண்.

அந்த எண்ணை என் கணினியில் காப்பகத்தின் பக்கத்தில் இட்டுப் பார்த்தேன். எங்கள் தொகுப்பேதான். உறக்கத்திலிருந்து விழிக்கும் பாக்டீரியா, பூச்சியம், மூன்று, பத்து, முப்பது நிமிடங்கள். நிலை: பொது. பதிவேற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன்பே மூலத் தரவைக் காப்பகத்தில் ஏற்றிவைப்பது வழக்கம். அதற்கான படிவத்தில் வெளியீட்டுத் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எதிர்காலத் தேதி ஒன்றை இட்டால் அதுவரை யாரும் பார்க்க முடியாது. படிவம் நீளமானது, நாற்பது கட்டங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப யாருக்கும் பொறுமையில்லை. முந்தைய திட்டத்தின் படிவத்தை நகலெடுத்து, மாற வேண்டியதை மட்டும் மாற்றுவேன். மாதிரிகளின் பெயர்களை மாற்றினேன். நிமிடங்களை மாற்றினேன். தேதியை மாற்றவில்லை. அது முந்தைய திட்டத்தின் தேதி, முடிந்துபோனது. தேதி கடந்துவிட்டதால் காப்பகம் தொகுப்பை அன்றே வெளியிட்டுவிட்டது. அதைத் தெரிவித்து எனக்கு ஓர் அறிவிப்பும் அனுப்பியிருந்தது. தானியங்கி அஞ்சல்கள் போய்ச் சேரும் பெட்டியில், ஏழு மாதங்களாக, திறக்கப்படாமல் கிடந்தது.

அந்தப் பெண் திருடவில்லை. ஐஸ் சொல்லவில்லை. எங்கள் தரவை நாங்களே திறந்து வைத்திருந்தோம், அவர் படித்தார், படித்ததை எங்களிடமே மரியாதையாகத் தெரிவித்தார். எங்கள் தரவு பொதுவில் இருப்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

வெள்ளிக்கிழமை மாலை வரை மூன்று முழு நாட்கள் இருந்தன. நான் செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. ஆனால் மதிப்பீட்டுக் குழுவில் அமர்ந்திருக்கும் சாரை அழைத்துத் தொல்லை செய்வது முறையல்ல என்று எனக்குப் பட்டது. எழுத்தில் தெரிவிப்பதே பண்பு என்று கருதினேன். செவ்வாய் மாலை எழுதத் தொடங்கினேன். முதல் வடிவத்தில் பயணம் சுகமாக அமைந்ததா என்று விசாரித்தேன். ஆய்வக நிலவரம் சொன்னேன். என் பதினோரு ஆண்டுப் பணியை நினைவுகூர்ந்தேன். தவறு ஐந்தாம் பத்தியில் வந்தது. புதனன்று அதை நான்காம் பத்திக்குக் கொண்டுவந்தேன். 'தவறிவிட்டேன்' என்பதா, 'தவறு நேர்ந்துவிட்டது' என்பதா என்று ஒரு மதியம் முழுவதும் யோசித்தேன். வியாழனன்று படிவத்தின் வடிவமைப்பைக் குறைகூறி ஒரு பத்தி சேர்த்து, பிறகு அது நாகரிகமல்ல என்று நீக்கினேன். அந்தப் பெண் தன் வாழ்நாள் வேலையை ஒரே பக்கத்தில் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு தேதியைச் சொல்ல ஒரு பக்கம் போதவில்லை.

வியாழன் மாலை கணவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் அனுப்பலையா?"

"நாளைக்கு ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு அனுப்பறேன்."

"லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க லெட்டர் எழுத மாட்டோம்மா."

"உங்க வேலை வேற."

"ஆள் மாட்டிக்கிட்டது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளியன்று நாள் முழுவதும் படித்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அனுப்பினேன். சார் விமான நிலையத்தில் இருந்திருக்க வேண்டும். நான்காவது நிமிடம் கைப்பேசி ஒலித்தது.

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி சார்."

"அந்தம்மா நம்பர் இருக்கா? மூணு பேரும் லைன்ல இருக்கிற மாதிரி போடுங்க. நீங்களும் கேளுங்க."

அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். குரல் நான் எண்ணியதைவிட இளமையாக இருந்தது. சார் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"ஐயோ சார், நீங்களே கூப்பிட்டீங்களா? நேத்து அஞ்சு மணி வரைக்கும் மெயிலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் அவங்களுக்குச் சரின்னு எழுதிட்டேன்."

"அதை மாத்த முடியாதா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன் சார். சொன்ன சொல்லை ஒரே நாள்ல மாத்தினா நல்லா இருக்காது இல்லையா?" சற்றுத் தயங்கினார். "சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த டேட்டாவை நான் எடுத்துப் பார்த்தது தப்பா? பொதுவுல இருந்ததாலதான் பார்த்தேன். அங்க என்னை இதைத்தான் தொடரச் சொல்றாங்க. உங்களுக்கு ஆட்சேபம்னா..."

"ஆட்சேபம் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. வெளிய வெச்சது நாங்க. நீங்க செய்யுங்க. எங்க தொகுப்புன்னு ஒரு வரி குறிப்பிடுங்க, போதும்."

"கண்டிப்பா சார். மூணாவது பக்கத்துலயே குறிப்பிட்டிருந்தேனே" என்றார் அவர். குத்திக்காட்டும் தொனியே இல்லை.

அழைப்பு முடிந்ததும் சார் என்னிடம் ஒரு வாக்கியம்தான் சொன்னார். "ஐஸ்கிட்ட நான் பேச மாட்டேன். நீங்கதான் பேசணும்."

திங்கட்கிழமை ஐஸிடம் பேசினேன். முதல் வாக்கியத்திலேயே தவறைச் சொன்னேன். அந்த அளவுக்குக் கற்றிருந்தேன். போஸ்டரைப் பற்றிச் சாரிடம் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். கோப்புறையின் அனுமதியை அவர் கண்ணெதிரிலேயே மீட்டுக் கொடுத்தேன்.

"என்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டேனேப்பா, டீ மெஷின்கிட்ட..."

"அது கேக்கறது இல்ல மேடம்."

அவர் என்னை 'மேடம்' என்று அழைத்தது அதுவே முதல்முறை.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பெண்ணின் ஆய்வு, பத்திரிகை மதிப்பீட்டுக்குக் காத்திராமல் இணையத்தில் முன்பதிப்பாக வெளிவந்தது. மரபணுவை முடக்கினால் விழிப்பு நிகழாது என்று காட்டியிருந்தார். இரண்டாம் பத்தியில் எங்கள் தொகுப்புக்கு நன்றி சொல்லி, பதிவு எண்ணும் கொடுத்திருந்தார். எங்கள் கட்டுரை அதற்கு ஏழு வாரம் பிந்திற்று.

இழந்தவற்றை இங்கே முறைப்படி குறிப்பிட்டு முடிக்கிறேன். அறுபத்து மூவரில் மிகச் சிறந்த விண்ணப்பதாரர் ஒருவர். ஒரு கண்டுபிடிப்பில் முதலாவதாகச் சொல்லும் உரிமை. ஒரு மாணவரின் ஆய்வேட்டில், 'புதியது' என்றிருந்த நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு. அது இப்போது 'உறுதிப்படுத்தல்'. அவர் பட்டம் பெறுவதில் ஆறு மாதம். முதல் வடிகட்டல் செய்யும் பொறுப்பு. அதைச் சார் இப்போது தாமே செய்கிறார். நான்கு நாட்கள்.